ஒரு பிள்ளையின் அடையாள எண்ணும் 6,212 வரிகளும்: டர்பன் சங்கம் ஒன்றின் பட்டியல் ஏற்றம்

பின்னணி

டர்பனில் எங்கள் மக்களிடையே இறுதிச்சடங்கு உதவிச் சங்கங்கள் பழையவை. குடும்பத்துக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா கட்டினால், வீட்டில் ஒருவர் தவறும்போது அடக்கச் செலவைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஒரு சங்கத்துக்கு 2023-இல் நாங்கள் இருவர் உறுப்பினர் பதிவேடு ஒன்றைச் செய்து கொடுத்தோம். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், வெருலம் என்று ஏழு கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் ஒரு எக்ஸெல் கோப்பு, அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர், அவருக்கென்று ஒரு பழக்கம்.

ஏழு கோப்புகளையும் ஒன்றாக்கியபோது 6,212 வரிகள், 1,930 குடும்பங்கள். வரிக்கு ஒரு ஆள். குடும்பத் தலைவர் என்றால் `M`, அவரைச் சார்ந்தவர் என்றால் `D`. குடும்ப எண், பெயர், பிறந்த தேதி, 13 இலக்கத் தேசிய அடையாள எண், அந்த மாதச் சந்தா 80 ரேண்ட். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 15, இருப்பது கேப் டவுனில். ஏற்றுகிற நிரல் பைத்தானில், சங்க அலுவலக லேப்டாப்பிலிருந்து ஓடும்.

மூன்று அட்டவணைகள்: `family`, `member`, `contribution`. அடையாள எண்ணுக்கு இரண்டு காவல்கள் வைத்திருந்தோம்: சரியாக 13 இலக்கம் இருக்க வேண்டும், ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது. இன்னொன்றும் உண்டு, அதுதான் பின்னால் வம்பு செய்தது. `family`-யில் `head_id` என்ற பத்தி, குடும்பத் தலைவரின் `member` வரியைச் சுட்டும். `member` வரியோ திரும்பக் குடும்பத்தைச் சுட்டும். கோழியா முட்டையா என்ற கதை. அதனால் `head_id` சுட்டும் வரி உண்மையில் இருக்கிறதா என்று பார்க்கும் காவலை, அதாவது அதன் அயல் திறவுகோலை, `DEFERRABLE INITIALLY DEFERRED` என்று வைத்தோம். அதாவது அதைச் சரிபார்ப்பது அந்தந்த வரியில் நடக்காது, கடைசியில் எல்லாவற்றையும் நிலையாக்கும் கமிட்டில்தான் நடக்கும்.

முதல் முயற்சி: "1,846 வரிகள் ஏறின"

முதல் நிரல் எல்லாவற்றையும் ஒரே டிரான்ஸாக்ஷனில், அதாவது முழுதாக நிலைக்கும் அல்லது முழுதாகக் கழியும் ஒரே தொகுதியாக, ஏற்றியது. ஒவ்வொரு வரியைச் சுற்றியும் ஒரு `try`. பிழை வந்தால் குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகும், கடைசியில் கமிட். பார்க்கச் சரியாகத்தான் இருந்தது.

1,847-ஆம் வரியில் ஒரு பிள்ளையின் அடையாள எண் 12 இலக்கம்தான் இருந்தது. அதற்கு வந்த பிழை நியாயமானது. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வரிக்கும் ஒரே பிழை:

```
ERROR:  current transaction is aborted, commands ignored
until end of transaction block
```

போஸ்ட்கிரெஸில் டிரான்ஸாக்ஷனுக்குள் ஒரு கட்டளை தோற்றுவிட்டால் முழு டிரான்ஸாக்ஷனும் செத்த நிலைக்குப் போய்விடும். அதன்பின் நல்ல வரி கொடுத்தாலும் வாங்காது. வேறு சில டேட்டாபேஸ்களில் தோற்ற கட்டளை மட்டும் கழிந்துபோகும், மற்றவை நிற்கும். அந்தப் பழக்கத்தில் வந்தவர்கள் இங்கே தடுக்கி விழுவது சகஜம். நாங்களும் விழுந்தோம்.

இதைவிட மோசமானது கடைசியில் நடந்தது. செத்த டிரான்ஸாக்ஷனில் `COMMIT` கொடுத்தால் போஸ்ட்கிரெஸ் பிழை எதுவும் சொல்வதில்லை. எல்லாவற்றையும் பின்வாங்கிவிட்டு, `ROLLBACK` என்று பதில் சொல்லிவிட்டுப் போய்விடும்:

```
import=!# COMMIT;
ROLLBACK
```

கையால் தட்டச்சு செய்தால் அந்த ஒரு சொல் கண்ணில் படும். நாங்கள் பயன்படுத்திய பைத்தான் நூலகத்தில் `conn.commit()` சத்தமில்லாமல் திரும்பிவந்தது. நிரலின் எண்ணியில் 1,846 என்று இருந்தது, அதை அப்படியே திரையில் காட்டியது. சங்கத்தின் பொருளாளர், ஓய்வுபெற்ற ஆசிரியை, தேடல் பக்கத்தைத் திறந்து தன் பெயரையே போட்டுப் பார்த்தார். இல்லை. "தம்பி, 1,846 பேர் ஏறிட்டாங்கன்னு இது சொல்லுது. ஒருத்தர்கூட இல்லையே" என்றார். அட்டவணை முழுக்கக் காலி.

அன்றே எடுத்த ஒரு முடிவு இன்றுவரை மாறவில்லை. எத்தனை வரி ஏறியது என்பதை நிரலின் எண்ணியிலிருந்து சொல்வதில்லை. கமிட்டுக்குப் பிறகு புதிதாக ஒரு `SELECT count(*)` ஓட்டி, அந்த எண்ணைத்தான் காட்டுவோம்.

இரண்டாம் முயற்சி: வரிக்கு ஒரு கமிட்

அவசரத்தில் செய்தது இது. ஒவ்வொரு கட்டளையும் தானாகவே கமிட் ஆகட்டும் என்று விட்டுவிட்டோம், `head_id`-யை மட்டும் முதலில் காலியாக விட்டு, தலைவர் ஏறியபின் நிரப்பினோம். ஒன்று தோற்றாலும் மற்றது ஏறும் அல்லவா.

ஏறியது, மின்சாரம் போகும்வரை. 2023-இல் தென்னாப்பிரிக்காவில் இருந்தவர்களுக்கு அந்த ஆண்டின் மின்தடை அட்டவணையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 912 குடும்பங்கள் உள்ளே போயிருந்த நேரத்தில் அலுவலகத்தின் வைஃபை போனது, நிரல் நின்றது. மின்சாரம் வந்ததும் என் கூட்டாளி மீண்டும் முதலிலிருந்து ஓட்டினார்.

உறுப்பினர்கள் இரட்டிக்கவில்லை, அடையாள எண்ணின் காவல் தடுத்துவிட்டது. சந்தா இரட்டித்தது. குடும்பம் ஏற்கெனவே இருந்தால் அதையே எடுத்துக்கொண்டு அதற்குச் சந்தா வரி ஒன்றைச் சேர் என்று நிரலில் எழுதியிருந்தோம், `contribution`-இல் தனித்தன்மைக் காவல் எதுவும் இல்லை. பொருளாளர் வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டபோது 72,960 ரேண்ட் கூடுதலாக நின்றது. 912 பெருக்கல் 80.

சரி, அட்டவணைகளைக் காலி செய்தோம். `contribution`-இல் குடும்பமும் மாதமும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்று காவல் வைத்தோம். ஏற்றம் முழுவதும் ஒரே டிரான்ஸாக்ஷனாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் உறுதியானது: நடுவில் நின்றால் எதுவுமே நடக்கவில்லை என்று இருக்க வேண்டும். அதே நேரம், ஒரு பிள்ளையின் எண்ணில் ஓர் இலக்கம் குறைந்ததற்காக மற்ற எல்லாரும் வெளியே நிற்கவும் கூடாது. இந்த இரண்டும் ஒன்றாக வேண்டுமென்றால் அதற்கு இருப்பது சேவ்பாயிண்ட்.

மூன்றாம் முயற்சி: வரிக்கு ஒரு சேவ்பாயிண்ட்

டிரான்ஸாக்ஷனுக்குள் `SAVEPOINT` என்று ஓர் இடத்தைக் குறித்து வைக்கலாம். பிறகு ஏதாவது தோற்றால் `ROLLBACK TO SAVEPOINT` அந்த இடம்வரை மட்டும் பின்னால் கொண்டுபோகும். அதற்கு முன்னால் செய்தது அப்படியே இருக்கும், செத்த டிரான்ஸாக்ஷனும் உயிர்பெறும். எல்லாம் நன்றாகப் போனால் `RELEASE SAVEPOINT` குறியை அழித்துவிடும். ரிலீஸ் என்பது கமிட் அல்ல. வெளி டிரான்ஸாக்ஷன் கமிட் ஆகும்வரை எதுவும் நிலைக்காது, நடுவில் மின்சாரம் போனால் எல்லாமே போய்விடும். எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

ஒவ்வொரு வரிக்கு முன்னும் ஒரு சேவ்பாயிண்ட் வைத்தோம். ஓட்டினோம். இரண்டு விதமாகத் தோற்றது.

முதலாவது, பிழைப் பட்டியலில் 52 வரிகள் வந்தன. அவற்றில் 41 உண்மையான குறைகள். மீதி 11 வரிகளில் ஆளின் விவரத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் `23503`, அதாவது அயல் திறவுகோல் மீறல், என்று வந்தது. குடும்பமே இல்லை என்கிறது. கோப்பில் குடும்பம் இருக்கிறதே?

ஒரு மணி நேரம் தேடியபின் பிடிபட்டது. ஒரு குடும்பத்தின் முதல் வரி வரும்போது நிரல் `family` வரியைச் சேர்த்து, அதன் எண்ணைப் பைத்தான் அகராதி ஒன்றில் வைத்துக்கொள்ளும். பிறகு அதே வரியின் ஆளைச் சேர்க்கும். அந்த ஆள், தலைவர், தோற்றார். சேவ்பாயிண்டுக்குத் திரும்பினோம், `family` வரியும் அதோடு கழிந்தது. ஆனால் அகராதியில் அந்த எண் அப்படியே இருந்தது. சேவ்பாயிண்ட் டேட்டாபேஸில் நடந்ததைத்தான் பின்வாங்கும், நிரலின் நினைவில் இருப்பதைத் தொடாது. அடுத்து வந்த மனைவியும் பிள்ளைகளும் இல்லாத குடும்பத்தைச் சுட்டிக்கொண்டு போய் விழுந்தார்கள். நான்கு குடும்பங்களில் இப்படி 11 பேர்.

இதைப் படிப்பவர் தன் நிரலில் தேடிப் பார்க்க வேண்டிய இடம் இது. சேவ்பாயிண்டுக்குள் சேர்த்த எதையாவது அதற்கு வெளியே உள்ள மாறியில் வைத்திருக்கிறீர்களா? எண்ணி, அகராதி, "ஏற்கெனவே பார்த்துவிட்டேன்" என்ற கொடி, எதுவானாலும் சரி. ரிலீஸ் ஆன பிறகுதான் அதை எழுத வேண்டும். இந்தப் பிழையின் அடையாளம், ஓர் உண்மையான குறையைத் தொடர்ந்து அதே குடும்பத்தில் வரிசையாக வரும் அயல் திறவுகோல் பிழைகள்.

இரண்டாவது இன்னும் எரிச்சலானது. 6,212 வரிகளையும் தாண்டி, பிழைப் பட்டியலும் எழுதி முடித்து, கடைசியில் கமிட்டில் தோற்றது. எட்டரை நிமிட வேலை முழுவதும் போனது.

காரணம் ஒரு கிளையின் கோப்பு. யாரோ பெயர் வாரியாக அகர வரிசைப்படுத்திச் சேமித்துவிட்டார்கள். அதனால் சில குடும்பங்களில் தலைவருக்கு முன்னால் பிள்ளை வந்தது. பிள்ளையின் வரியில் `family` உருவாகி, தலைவருக்கென்று ஓர் எண் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டு, ரிலீஸும் ஆனது. பிறகு தலைவரின் வரி தோற்றது. இப்போது `head_id` யாரும் இல்லாத இடத்தைச் சுட்டுகிறது. அந்தக் காவல் தள்ளிவைக்கப்பட்டது, ஆகவே யாரும் கேட்கவில்லை. கமிட்டில் கேட்டது. அந்த நேரத்தில் திரும்பிப் போக எந்த சேவ்பாயிண்டும் இல்லை, முழு ரோல்பேக் ஒன்றுதான்.

தள்ளிவைத்த காவல்களின் பிழையை சேவ்பாயிண்ட் தானாகப் பிடிக்காது. பிடிக்க வேண்டுமென்றால் ரிலீஸ் செய்வதற்கு முன் `SET CONSTRAINTS ALL IMMEDIATE` என்று சொல்ல வேண்டும். அதுவரை தள்ளிவைத்ததெல்லாம் அந்த நொடியிலேயே சரிபார்க்கப்படும், குறை இருந்தால் பிழை அங்கேயே வரும். ஆனால் இதை வரிக்கு வரி செய்ய முடியாது. பிள்ளை முன்னால் வந்து தலைவர் பின்னால் வரும் நல்ல குடும்பமும் அதில் தோற்றுவிடும். அப்போதுதான் சேவ்பாயிண்டை எந்த இடத்தில் வைக்கிறோம் என்ற கேள்விக்கு வந்தோம்.

எது ஓர் அலகு

நான் முதலில் சொன்ன யோசனை: குடும்பத்தில் ஒரு பிள்ளையின் எண் தவறு என்றால் அந்தப் பிள்ளையை மட்டும் ஒதுக்கி, மற்றவர்களை ஏற்றிவிடலாம். நிறையப் பேர் உள்ளே போவார்கள், பட்டியல் சிறிதாக இருக்கும்.

பொருளாளர் ஒத்துக்கொள்ளவில்லை.

"80 ரேண்ட் யாரு கட்றது? குடும்பம். நீங்க குடும்பத்தை உள்ள விட்டு ஒரு பிள்ளையை வெளிய வெச்சா, பணம் வாங்கியாச்சு, பேரு இல்லை. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பதில் சொல்றது?"

"அப்ப முழுக் குடும்பத்தையும் நிறுத்தி வெச்சா அவங்க பேரே இருக்காதே, அக்கா."

"இருக்காது. அது என் மேசையில ஒரு தாளா இருக்கும். தாள் இருந்தா நான் போன் போடுவேன். அரைகுறையா ஏறியிருந்தா யாருக்கும் தெரியாது."

அவர் சொன்னது சரி. வரி என்பது எக்ஸெல்லின் அலகு. சங்கத்தின் அலகு குடும்பம். எது முழுதாக இருக்க வேண்டுமோ, அல்லது இல்லாமலே இருக்க வேண்டுமோ, அதைச் சுற்றித்தான் சேவ்பாயிண்ட் வர வேண்டும். இதைத் தொழில்நுட்ப முடிவு என்று நினைத்துக்கொண்டு நாங்களே எடுக்கப் பார்த்தோம். பதில் தெரிந்தவரோ வேறு மேசையில் உட்கார்ந்திருந்தார்.

நான்காம் முயற்சி: குடும்பத்துக்கு ஒன்று

கோப்பை முதலில் குடும்ப எண்படி பிரித்து நினைவில் வைத்துக்கொண்டோம். அகர வரிசைத் தொல்லை அதோடு போனது. பிறகு நிரலின் மையம் இவ்வளவுதான்:

```python
for fam in families:
    cur.execute("SAVEPOINT kudumbam")
    try:
        cur.execute("SET CONSTRAINTS ALL DEFERRED")
        load_family(cur, fam)
        cur.execute("SET CONSTRAINTS ALL IMMEDIATE")
    except (psycopg.DataError, psycopg.IntegrityError) as e:
        cur.execute("ROLLBACK TO SAVEPOINT kudumbam")
        bad.append((fam.no, e.sqlstate, e.diag.constraint_name))
    cur.execute("RELEASE SAVEPOINT kudumbam")
```

கடைசி வரி `except`-க்கு வெளியே இருப்பதைக் கவனியுங்கள். `ROLLBACK TO` பின்னால் கொண்டுபோகுமே தவிர, சேவ்பாயிண்டை அழிக்காது. அது அங்கேயே நிற்கும். ரிலீஸ் செய்யாமல் அதே பெயரில் அடுத்ததை வைத்தால் போஸ்ட்கிரெஸ் பழையதை மறைத்து அதற்குள் புதியதை அடுக்கும். தோற்ற குடும்பங்களின் எண்ணிக்கை அளவுக்கு அடுக்கு ஆழமாகிக்கொண்டே போகும். தோற்றாலும் வென்றாலும் ரிலீஸ் வேண்டும்.

`except`-இல் இரண்டு வகை மட்டும் பிடிப்பதும் வேண்டுமென்றே செய்தது. `DataError` என்பது 22-இல் தொடங்கும் பிழைகள்: தேதி தேதியாக இல்லை, எண் எண்ணாக இல்லை. `IntegrityError` 23-இல் தொடங்குபவை: காவல்களை மீறியவை. இவை இரண்டும் அந்தக் குடும்பத்தின் குறைகள். இணைப்பு அறுந்தது, டிஸ்க் நிறைந்தது, வேறொரு வேலையோடு பூட்டில் சிக்கியது, இவையெல்லாம் குடும்பத்தின் குற்றம் அல்ல. அவற்றையும் பிடித்துக்கொண்டு "இந்தக் குடும்பம் தவறு" என்று எழுதிக்கொண்டே போனால் பட்டியல் பொய்யாகும். அவை வந்தால் முழு டிரான்ஸாக்ஷனும் போகட்டும், மறுபடி ஓட்டலாம்.

பிழைக் குறிப்பை `bad` என்ற பட்டியலில், டேட்டாபேஸுக்கு வெளியே வைத்ததற்கும் ஒரு கதை உண்டு. மூன்றாம் முயற்சியில் முதலில் அதை ஓர் அட்டவணையில் எழுதப் பார்த்தோம். பிழை வந்தவுடன், பின்வாங்கும் முன்பே எழுதினோம். செத்த டிரான்ஸாக்ஷன் வாங்கவில்லை. பின்வாங்கிய பிறகு எழுதினால் வாங்கும், ஆனால் கமிட்டில் எல்லாம் போனபோது குறிப்புகளும் சேர்ந்து போயின. தோல்வியின் காரணம் வேண்டிய நேரத்தில் காரணமே இல்லை. இப்போது அது ஒரு கோப்பில் எழுதப்படுகிறது, டிரான்ஸாக்ஷன் என்ன ஆனாலும் இருக்கும்.

கமிட்டுக்கு முன் இரண்டு சோதனைகள் சேர்த்தோம். நிறுத்தப்பட்ட குடும்பங்கள் 100-ஐத் தாண்டினால் முழுவதையும் ரோல்பேக் செய்வோம். அவ்வளவு தோற்றால் குறை குடும்பங்களில் இல்லை, கோப்பில் பத்தி இடம் மாறியிருக்கும். இரண்டாவது, ஏறிய சந்தாவும் நிறுத்திய சந்தாவும் சேர்ந்து கோப்பின் மொத்தத்துக்குச் சமமாக இருக்க வேண்டும்.

ஓட்டினோம். 33 குடும்பங்கள் நின்றன, 1,897 ஏறின. 151,760 ரேண்டும் 2,640 ரேண்டும் சேர்ந்து 154,400. பொருளாளர் கால்குலேட்டரில் தானே ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

நேரம் ஐந்து நிமிடம். வரிக்கு வரி வைத்தபோது எட்டரை. வித்தியாசத்தின் காரணம் டேட்டாபேஸ் அல்ல, தூரம். லேப்டாப்பிலிருந்து கேப் டவுனுக்குப் போய்வர ஒரு கட்டளைக்குச் சுமார் 25 மில்லிவினாடி ஆனது. வரிக்கு ஒரு சேவ்பாயிண்ட் என்றால் ஒவ்வொரு வரியும் மூன்று பயணம். அதனால் மேலே நான்காகக் காட்டியவற்றில் `SAVEPOINT`-உம் `DEFERRED`-உம் ஒரே பயணத்திலும், `IMMEDIATE`-உம் நல்லபடி முடிந்தால் `RELEASE`-உம் இன்னொரு பயணத்திலும் போகும்படி உண்மை நிரலில் சேர்த்து அனுப்புகிறோம்.

நின்ற 41 வரிகளின் உள்ளே

41 குறைகளில் 26 ஒரே மாதிரி. அடையாள எண் குட்டையாக இருந்தது. பார்த்தால் எல்லாரும் 2000-இலோ அதற்குப் பின்னோ பிறந்தவர்கள்.

தென்னாப்பிரிக்க அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி: ஆண்டின் கடைசி இரண்டு, மாதம், நாள். 2004 பிப்ரவரியில் பிறந்தவருக்கு `0402` என்று தொடங்கும். எக்ஸெல் அதை எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தின்றுவிடும், மிஞ்சுவது 12. 2000 மார்ச்சில் பிறந்தவருக்கு `0003`, மூன்று பூஜ்யம் போய் 10 இலக்கம். அந்த ஆண்டு நவம்பரில் பிறந்திருந்தால் 11. பெற்றோருக்கெல்லாம் எண் 5, 6, 7 என்று தொடங்கும், ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள்தான் தோற்றார்கள்.

முன்னால் பூஜ்யங்களைச் சேர்த்து 13 ஆக்கிவிட்டால் போதுமே என்று தோன்றும். கடைசி இலக்கம் லூன் முறைச் சரிபார்ப்பு இலக்கம்தானே, அதுவே தவறைக் காட்டிவிடும் என்றும் தோன்றும். பாதிதான் உண்மை. லூன் வலமிருந்து எண்ணுவது. முன்னால் உள்ள பூஜ்யம் கூட்டுத்தொகையில் எதையும் மாற்றாது. அதனால் எத்தனை பூஜ்யம் போனது என்று லூன் சொல்லாது. நடுவில் ஓர் இலக்கம் விட்டுப்போன எண்ணும் பத்தில் ஒருமுறை தப்பிவிடலாம். ஆகவே விதியை இப்படி வைத்தோம்: 13-க்கு நிரப்பு, லூன் சரியா பார், முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதிப் பத்தியோடு ஒத்துப்போகிறதா பார். மூன்றும் சரியென்றால் ஏற்று, நிரப்பியதைத் தனியாகக் குறித்துவை. 26-இல் 24 தேறின, இரண்டில் தேதி ஒத்துப்போகவில்லை.

மீதி 15-இல் பல, ஒரே ஆள் இரண்டு குடும்பங்களில் இருந்தது. கல்யாணமாகி ஃபீனிக்ஸுக்குப் போன மகள், கணவர் வீட்டுப் பட்டியலிலும் இருக்கிறாள், சாட்ஸ்வர்த்தில் அப்பாவின் பட்டியலிலும் இருக்கிறாள். அப்பாவுக்குப் பெயரை எடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

இங்கே எங்கள் ஏற்பாட்டின் ஓட்டை ஒன்று தெரிந்தது. முதலில் வரும் குடும்பம் ஏறும், இரண்டாவது நிற்கும். எது முதலில் என்பது கோப்புகளை ஒட்டிய வரிசை. சாட்ஸ்வர்த் கோப்பு முன்னால் இருந்ததால் அப்பா வீடு ஏறி, அவள் உண்மையில் வாழும் வீடு நின்றது. சேவ்பாயிண்ட் தோற்றதைத்தான் ஒதுக்கும். தவறானது எது என்று அதற்குத் தெரியாது.

பிறகு மாற்றியவை, மாற்ற வேண்டியவை

இரட்டை எண்களைப் பிடிக்க, ஏற்றத்துக்கு முன் ஒரு படி சேர்த்தோம். 6,212 வரிகளையும் முதலில் எல்லாப் பத்தியும் `text` ஆக உள்ள ஒரு தற்காலிக அட்டவணைக்கு `COPY` செய்கிறோம். காவல் எதுவும் இல்லாததால் எதுவும் தோற்காது. பிறகு SQL-லேயே இரட்டை எண்களைத் தேடி, சம்பந்தப்பட்ட இரண்டு குடும்பங்களையும் நிறுத்திவைக்கிறோம். இலக்கம் குறைந்தவை, தலைவர் இல்லாத குடும்பங்கள், இவையும் அங்கேயே பிடிபடுகின்றன. இதன் பிறகு சேவ்பாயிண்ட் வரை வந்து தோற்பவை மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஆனாலும் சேவ்பாயிண்டை எடுக்கவில்லை. நாங்கள் யோசிக்காத குறையை அட்டவணையின் காவல்தான் பிடிக்கும், அப்போது முழு ஏற்றமும் விழாமல் இருக்க அது வேண்டும்.

இன்னும் பெரிய கோப்புகளுக்கு இதே நிரலை யாராவது எடுத்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே ஏதாவது எழுதும் ஒவ்வொரு சேவ்பாயிண்டும் போஸ்ட்கிரெஸுக்குத் தனி எண் கொண்ட ஓர் உள் டிரான்ஸாக்ஷன். ரிலீஸ் செய்தாலும் அந்த எண் வெளி டிரான்ஸாக்ஷன் முடியும்வரை கணக்கில் இருக்கும். ஓர் இணைப்புக்கு இப்படி 64 எண்கள்வரைதான் விரைவு நினைவில் நிற்கும். அதைத் தாண்டினால் மற்ற இணைப்புகள் ஒரு வரியைப் பார்க்கலாமா என்று தீர்மானிக்க `pg_subtrans`-ஐத் தேடிப் போக வேண்டியிருக்கும். கூட்டம் அதிகமான சர்வரில், ஏற்றம் ஓடும்போது சம்பந்தமில்லாத தேடல்கள் மெதுவாகும். எங்களிடம் 1,897 இருந்தும் ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் பதிவேட்டைத் திறந்திருந்தது மூன்று பேர். போஸ்ட்கிரெஸ் 16-லிருந்து `pg_stat_get_backend_subxact()` இந்த வரம்பு தாண்டியதா என்று காட்டும். அப்படித் தாண்டித் தொல்லை கொடுத்தால், 100 குடும்பத்துக்கு ஒரு சேவ்பாயிண்ட் வைத்து, அந்த நூறு தோற்றால் மட்டும் அதற்குள் ஒவ்வொன்றாகப் போவது நடைமுறை வழி.

நான் எதிர்பார்க்காத கேள்வி கடைசியில்தான் வந்தது. உறுப்பினர் எண்ணை `member`-இன் வரிசை எண்ணிலிருந்தே எடுத்து அட்டையில் அச்சிட்டிருந்தோம். செயற்குழுக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, நடுவில் நான்கு எண்கள் காணோமே, யாரை நீக்கினீர்கள் என்று கேட்டார். யாரையும் நீக்கவில்லை. சேவ்பாயிண்டுக்குத் திரும்பும்போது வரிகள் கழியும், ஆனால் `nextval` கொடுத்த எண் திரும்ப வராது. நின்ற குடும்பங்கள் வாங்கிய எண்கள் அப்படியே வீணாயின. கூட்டத்தில் இதை விளக்கப் பத்து நிமிடம் பிடித்தது, எல்லாரும் நம்பினார்கள் என்று சொல்ல முடியாது. அடுத்த அச்சிலிருந்து அட்டையில் சங்கத்தின் பழைய குடும்ப எண்ணையே போடுகிறோம்.

33 தாள்களில் 31 மூன்று வாரத்தில் பொருளாளரின் மேசையிலிருந்து போய்விட்டன. பெரும்பாலும் போன், சில வீடுகளுக்கு நேரில். தேதி ஒத்துப்போகாத அந்த இரண்டு பிள்ளைகளின் தாள்கள் மட்டும் பிறப்புச் சான்றிதழ் வருவதற்காக இன்னும் அவர் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் இருக்கின்றன. அவர்கள் கட்டிய 80 ரேண்ட் ஒவ்வொரு மாதமும் "நிறுத்திவைத்தது" என்ற வரியில் வருகிறது, அவர் ஒவ்வொரு மாதமும் கூட்டிப் பார்க்கிறார்.